மோட்டாருக்கு 5 வருடம் என்றால் கெப்பாசிட்டர் யார் கணக்கு? வாரண்டி வாசகத்தைத் திருத்தி எழுத யோசனை தேவை

பீளமேட்டுக்காரன்

அப்பா காலத்திலிருந்து 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் செய்கிறோம். சின்னப் பட்டறைதான். எங்கள் வாரண்டி கார்டில் உள்ள வாசகம் பல வருடமாக மாறவே இல்லை. ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் ஆங்கிலக் கார்டைப் பார்த்து அப்பா எழுதி வைத்ததை, அச்சகத்துக்காரர் தமிழில் போட்டுக் கொடுத்தார். அப்படியே தருகிறேன்:

> உற்பத்தியிலோ மூலப்பொருளிலோ உள்ள குறைபாட்டின் காரணமாகப் பழுது ஏற்பட்டதாக நிறுவனம் கருதும் பட்சத்தில், அப்பாகம் நிறுவனத்தின் விருப்பப்படி இலவசமாகப் பழுதுபார்க்கப்படும் அல்லது மாற்றித் தரப்படும். தவறான உபயோகம், மின்னழுத்த ஏற்ற இறக்கம், அஜாக்கிரதை, வழக்கமான தேய்மானம் ஆகியவற்றால் ஏற்படும் பழுதுகளுக்கும், பெல்ட், கெப்பாசிட்டர், பேரிங், பிளாஸ்டிக், கல் முதலிய பாகங்களுக்கும் வாரண்டி பொருந்தாது. நிறுவனத்தின் முடிவே இறுதியானது. கோவை நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது.

பெட்டியின் மேலே மட்டும் பெரிய எழுத்தில் ‘மோட்டாருக்கு 5 வருடம், மற்றவற்றுக்கு 2 வருடம்’ என்று இருக்கும்.

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். வாங்கி 14 மாதம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை. எங்கள் பையன் போய் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு 350 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மறுநாள் அந்த அம்மா என்னிடமே கேட்டார்: “கெப்பாசிட்டர் இல்லாமல் உங்கள் மோட்டார் சுற்றுமா தம்பி?” பதில் சொல்லத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் புதுக் கார்டு அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்குப் படித்தவுடன் புரிகிற மாதிரி இதை எப்படி எழுதுவது?

மதுரை டீலர்

தம்பி, 20 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வாசகத்தை எளிதாக்கினால் உங்களுக்குத்தான் ஆபத்து. தெளிவாக எழுதிவிட்டால் ஒவ்வொருத்தரும் கார்டை நீட்டிக்கொண்டு வருவார்கள். ‘நிறுவனத்தின் முடிவே இறுதி’, ‘கோவை எல்லைக்கு மட்டும்’ இந்த இரண்டு வரியும் இருக்கிறவரை உங்களை யாரும் அசைக்க முடியாது. அதைத் தொடாதீர்கள். வேண்டுமானால் ‘பில் இல்லாவிட்டால் வாரண்டி இல்லை’ என்று ஒரு வரி சேருங்கள். பாதிப் பஞ்சாயத்து அதிலேயே தீரும்.

வாசுகி, சேலம்

வக்கீல். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆஜராகியிருக்கிறேன், அதனால் யாருக்கும் சாய்வில்லை.

டீலர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ‘கோவை மட்டும்’ என்பதற்கு சிவில் நீதிமன்றத்தில், இரண்டு வியாபாரிகளுக்கு இடையில் மதிப்பு இருக்கும். ஆனால் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க விடுகிறது. ஈரோட்டு அம்மா ஈரோட்டிலேயே கொடுப்பார். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. கோவையிலிருந்து நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும்.

‘முடிவே இறுதி’ என்பதும் அப்படித்தான். குறை இருக்கிறதா இல்லையா என்று ஆணையமே முடிவு செய்யும். பார்த்துச் சொல்ல முடியாத குறை என்றால் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு. அங்கே போய் ‘நாங்கள் குறை என்று கருதவில்லை’ என்று பதில் மனு போட்டால், எதை வைத்துக் கருதவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு உங்கள் சர்வீஸ் பையனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

ஆக அந்த இரண்டு வரியும் கவசம் இல்லை. வாங்கியவரை முதல் போனிலேயே மிரட்டித் திருப்பி அனுப்ப மட்டும் உதவும். அதற்கும் அசராமல் வருகிறவர்தான் வழக்குப் போடுகிறவர்.

உங்கள் உண்மையான சிக்கல் வேறு. பெட்டியின் முன்பக்கம் ‘மோட்டாருக்கு 5 வருடம்’. கார்டின் பின்பக்கம் கெப்பாசிட்டர் இல்லை, பேரிங் இல்லை. முன்பக்கம் கொடுத்ததைப் பின்பக்கம் பிடுங்கிக்கொள்கிறது. சொல்லப்போனால் உங்கள் கார்டின்படி கெப்பாசிட்டருக்கு 5 வருடமும் இல்லை, 2 வருடமும் இல்லை, ஒரு நாள்கூட இல்லை. முதல் வாரமே போனால் என்ன செய்வீர்கள்?

பீளமேட்டுக்காரன்

முதல் வாரத்தில் போனால் மாற்றித் தருவோம் மேடம், காசு வாங்க மாட்டோம். ஆனால் நீங்கள் சொல்வது சரி, கார்டில் அப்படி இல்லை.

தென்காசி மீனா

எனக்கும் இதே கொடுமை. என்னுடைய மிக்ஸி வாங்கி 8 மாதத்தில் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டர் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் திறந்து பார்த்து, உள்ளே ஒயர் விட்டிருக்கிறது, கம்பெனிக்கே கொண்டுபோங்கள் என்று மூடிக் கொடுத்துவிட்டார். அங்கே கொண்டுபோனால் ‘சீல் உடைந்திருக்கிறது, வாரண்டி போச்சு’ என்கிறார்கள். பாதி பஸ் சார்ஜும் போச்சு, மிக்ஸியும் போச்சு. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தால் காசு திரும்பக் கிடைக்குமா?

வாசுகி, சேலம்

மீனா, இங்கே பேசுவது கார்டை எழுதுவது பற்றி. ஆனாலும் 1915க்கு அடியுங்கள். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல நேரம் அதுவே போதும். தீராவிட்டால் பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்.

உங்கள் கதையில் பீளமேட்டுக்காரருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மெக்கானிக் திறந்ததால் ஒயர் விட்டதா, ஒயர் விட்டதால் மெக்கானிக் திறந்தாரா? சீல் உடைந்தது முதல் கேள்விக்கு விடை ஆகாது. ‘வேறு யாரேனும் திறந்தால் வாரண்டி ரத்து’ என்று எழுதாமல், ‘வேறு ஒருவர் திறந்ததால் ஏற்பட்ட சேதத்துக்குப் பொருந்தாது’ என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரீவைண்டிங் குமார்

கோபிச்செட்டிப்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. உங்கள் கார்டில் எனக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை ‘மின்னழுத்த ஏற்ற இறக்கம்’. எரிந்த மோட்டார் எது வந்தாலும் கம்பெனிக்காரர்கள் சொல்லும் முதல் பதில் அது. வோல்டேஜ் ஏறி இறங்காத ஊர் எது? கிரைண்டர் ஓடுவதே சாயங்காலம் ஆறு மணிக்கு, எல்லா வீட்டிலும் எல்லாம் ஓடும் நேரம்.

மோட்டாரைத் திறந்தால் ஓரளவு தெரியும். வைண்டிங் முழுக்க ஒரே மாதிரி கருகியிருந்தால், மோட்டார் சுற்ற முடியாமல் நின்றபடி கரண்ட் இழுத்திருக்கிறது என்று அர்த்தம். லோ வோல்டேஜ், அல்லது மாவு கெட்டியாக இருந்தது, அல்லது கல் மாட்டிக்கொண்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொசுங்கி மற்ற சுற்றெல்லாம் பளபளவென்று இருந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் கம்பியின் பூச்சு முதலிலேயே சரியில்லை. அது உங்கள் பக்கம்.

நியூட்ரல் கட்டாகி வரும் கேஸ் வேறு. தெருவில் நியூட்ரல் போனால் வீட்டுக்குள் 230க்குப் பதில் 400க்குப் பக்கம் ஏறிவிடும். அன்றைக்கு அந்த வீட்டில் கிரைண்டர் மட்டும் போகாது. டிவி, டியூப்லைட், செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து போயிருக்கும். கெப்பாசிட்டர் வீங்கியிருக்கும்.

ஒரு கேள்வி: உங்கள் மோட்டாரில் தெர்மல் டிரிப் இருக்கிறதா?

பீளமேட்டுக்காரன்

இருக்கிறது அண்ணா. வைண்டிங்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம். சூடானால் கட் ஆகி, ஆறிய பிறகு தானாக எடுக்கும்.

ரீவைண்டிங் குமார்

அப்படியானால் கதையே வேறு. லோ வோல்டேஜில் மோட்டார் சூடாவதைத் தடுக்கத்தானே அந்த டிரிப்பை வைத்தீர்கள்? டிரிப் இருந்தும் வைண்டிங் முழுக்கக் கருகியிருந்தால் டிரிப் வேலை செய்யவில்லை. டிரிப்பும் நீங்கள் போட்ட பாகம்தான். லோ வோல்டேஜைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது.

பீளமேட்டுக்காரன்

இதை நான் யோசித்ததே இல்லை.

மதுரை டீலர்

குமார், எல்லாம் சரி. விடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டிரிப் ஆகும், ஆறும், மறுபடி போடுவார்கள், மறுபடி டிரிப் ஆகும். ஒரே நாளில் பத்துத் தடவை. அப்படி ஓட்டினால் டிரிப் எத்தனை நாள் தாங்கும்?

ரீவைண்டிங் குமார்

அது உண்மை அண்ணா. அதன் முனை தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் திறந்து பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியாது, முதலிலேயே மட்டமான டிரிப்பாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் எனக்கும் விடை இல்லை.

சொல்லேர்

பழைய வாசகத்தைத் தமிழாகப் பார்க்கிறேன். முதல் வாக்கியத்தில் குறைபாடு, பழுது, கருதும் பட்சம், விருப்பம், பழுதுபார்க்கப்படும், மாற்றித் தரப்படும் என்று ஆறு முடிச்சு. யார் என்ன செய்வார் என்பது ஒன்றிலும் இல்லை. ‘தரப்படும்’ என்றால் தருவது யார்? கடைக்காரரா, கம்பெனியா? கடைக்காரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி கடைக்காரரைக் காட்டும். ‘நாங்கள் மாற்றித் தருவோம்’ என்று எழுதினால் அந்தச் சண்டையே கிடையாது.

இரண்டாவது, ‘உற்பத்திக் குறைபாடு’. வாங்குகிறவர் பார்ப்பது உற்பத்தியை இல்லை. அவர் பார்ப்பது டிரம் சுற்றவில்லை, மாவு அடியில் ஒழுகுகிறது, சத்தம் வருகிறது, கல் விரிசல் விட்டது, அவ்வளவுதான். அவர் கண்ணில் படுவதை வைத்து எழுதுங்கள்.

(வாரண்டிக்கு ‘உத்தரவாதம்’ என்று போடச் சொல்லி வம்பிழுக்கப் போவதில்லை. வாரண்டி கார்டு எங்கே என்றுதான் எங்கள் வீட்டிலும் தேடுகிறோம்.)

வாசுகி, சேலம்

சொல்லேர் சொன்ன இரண்டாவது விஷயம்தான் மொத்தத் திருத்தத்துக்கும் சாவி. அதோடு விலக்குகளுக்கு நான் வைத்திருக்கும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒவ்வொரு விலக்குக்கும் எதிரே, ‘இது நடந்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பேன்?’ என்று எழுதுங்கள். எழுத முடியாத விலக்கை அடித்துவிடுங்கள். அஜாக்கிரதை என்பதற்கு எதைக் காட்டுவீர்கள்? ஒன்றும் இல்லை. கீழே விழுந்தது என்றால் நசுங்கிய மூலையைக் காட்டலாம். மோட்டார் பகுதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது என்றால் உள்ளே துருவைக் காட்டலாம்.

ரீவைண்டிங் குமார்

துரு விஷயத்தில் ஜாக்கிரதை மேடம். டிரம்முக்கு அடியில் உள்ள சீல் தேய்ந்தால் மாவுத் தண்ணீர் தானாகவே பேரிங்குக்குள் இறங்கித் துருப்பிடிக்கும். கழுவினார்கள் என்று வீட்டுக்காரர் மேல் பழி போடுவார்கள். மேலிருந்து நடு அச்சு வழியாக இறங்கிய தண்ணீர் வெள்ளையாக மாவுக் கறையோடு இருக்கும். வெளியிலிருந்து ஊற்றியது பக்கத்துத் துளை வழியாக வந்து, அடித்தட்டில் தேங்கின கோடு தெரியும்.

பீளமேட்டுக்காரன்

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. கிழித்துக் காயப்போடுங்கள்.

> எங்கள் வாரண்டி
>
> பில்லில் உள்ள தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் கீழே உள்ளவற்றில் எது நடந்தாலும் நாங்கள் காசு வாங்காமல் சரிசெய்து தருவோம்: டிரம் சுற்றவில்லை, மோட்டார் உறுமுகிறது, ஓடவில்லை, ஓடும்போது வழக்கத்துக்கு மாறான சத்தம், டிரம்முக்கு அடியில் மாவு ஒழுகுகிறது, கல் விரிசல் விட்டது அல்லது பொடி உதிர்கிறது, பெல்ட் அறுந்தது.
>
> 2 வருடத்துக்குப் பிறகு 5 வருடம் வரை: மோட்டார் மட்டும். மோட்டார் என்றால் வைண்டிங், கெப்பாசிட்டர், டிரிப், மோட்டாரின் இரண்டு பேரிங். பெல்ட், கல், டிரம், சுவிட்ச் இதில் சேராது.
>
> இவற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை: கீழே விழுந்து உடைந்தது, மோட்டார் பகுதியில் தண்ணீர் ஊற்றியதால் வந்த பழுது, தெருவில் நியூட்ரல் போய் அல்லது இடி விழுந்து எரிந்தது, வேறு ஒருவர் திறந்ததால் வந்த சேதம், பல வருடம் அரைத்ததால் கல் வழுவழுப்பானது (கொத்திக்கொள்ள வேண்டும்).
>
> பொறுப்பில்லை என்று நாங்கள் சொன்னால், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்பதைப் படத்தோடு எழுதிக் கொடுப்போம்.
>
> பழுது வந்தால்: கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள் அல்லது வாட்ஸ்அப்பில் பில்லின் படமும் சீரியல் நம்பரும் அனுப்புங்கள். சீரியல் நம்பர் கிரைண்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் 5 வருடத்தில் சேர்த்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம். கணக்குப் போட்டுக் காட்டினேன்: கெப்பாசிட்டரின் அடக்க விலைக்கு மேல் பையன் போய்வரும் பெட்ரோல்தான் ஆகிறது.

மதுரை டீலர்

பில் பற்றி நான் சொன்னதை விட்டுவிட்டீர்கள்.

வாசுகி, சேலம்

டீலர் அண்ணா, தேதி தெரிய பில் வேண்டும் என்பது சரி. பில் தொலைந்தால் வாரண்டியே இல்லை என்பது சரியில்லை. சீரியல் நம்பரில் தயாரித்த மாதம் இருக்கிறது, உங்கள் கடைக் கணக்கில் விற்ற தேதி இருக்கிறது. பில் இல்லாதவருக்குத் தயாரித்த மாதத்திலிருந்து 3 மாதம் தள்ளி வாரண்டியைத் தொடங்கலாம். கடையில் சும்மா இருந்த காலத்துக்காக அந்த 3 மாதம். அதற்கு மேல் கேட்கிறவர் பில் காட்டட்டும்.

பில்லே கொடுக்காத கடைகளும் உண்டு, அது வாங்கியவரின் தவறு இல்லை. 2019 சட்டத்தில் பில் கொடுக்காமல் விடுவதே நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று.

மதுரை டீலர்

என் கடையில் எல்லாவற்றுக்கும் பில் உண்டு. பொதுவாகச் சொல்லாதீர்கள் மேடம்.

வாசுகி, சேலம்

உங்களைச் சொல்லவில்லை அண்ணா.

வரைவுக்கு வருகிறேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் ‘பழுது வந்தால்’ பகுதி பாதியிலேயே நிற்கிறது. கூப்பிட்ட பிறகு என்ன? எத்தனை நாளில் ஆள் வருவார்? வராவிட்டால்? கிரைண்டரை யார் தூக்கிக்கொண்டு போவது? கடை மூடிப்போயிருந்தால்? மூன்று தடவை சரிசெய்தும் திரும்பத் திரும்ப வந்தால் புதிது உண்டா? வாங்கியவர் கோபப்படுவதெல்லாம் இந்த இடத்தில்தான். என்னிடம் வரும் வழக்குகளில் குறை இருந்ததா இல்லையா என்று சண்டை போடுவதைவிட, ‘நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன்’ என்று மூன்று மாதம் இழுத்ததற்கான சண்டைதான் அதிகம்.

தென்காசி மீனா

தூக்கிக்கொண்டு போவது யார் என்பதை முதலில் எழுதுங்கள். கல்லோடு சேர்த்து என் கிரைண்டரைத் தூக்க என்னால் முடியாது. அம்மாவுக்கு 68 வயது. கிரைண்டர் வேறு, மிக்ஸி வேறு.

பீளமேட்டுக்காரன்

எங்கள் கிரைண்டர் கல்லோடு 11 கிலோ அக்கா. நியாயமான கேள்வி. எங்களுக்கு சர்வீஸ் ஆள் உள்ளது ஆறு ஊரில்தான். மற்ற ஊருக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

சொல்லேர்

அதையே எழுதுங்கள். ஆறு ஊர் பெயரையும் போட்டு, ‘இந்த ஊர்களில் வீட்டுக்கு வருவோம். மற்ற ஊர்களில் நீங்கள் வாங்கிய கடையில் கொடுங்கள், அல்லது பார்சல் சர்வீஸில் போடுங்கள், வாரண்டியில் உள்ள பழுதாக இருந்தால் இரண்டு பக்கப் பார்சல் செலவும் எங்களுடையது’. தென்காசியில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார்.

இன்னொன்று. ‘வழக்கத்துக்கு மாறான சத்தம்’ என்பது எந்த வழக்கம்? புதிதாக வாங்கியவருக்கு எல்லாச் சத்தமும் புதிது.

ரீவைண்டிங் குமார்

‘இரும்பு உரசுவது போன்ற சத்தம்’ என்று போடுங்கள். பேரிங் போனால் அப்படித்தான் வரும். கல் டிரம்மில் உருளும் கடகடச் சத்தம் எப்போதும் இருக்கும், அது பழுது இல்லை என்றும் சேருங்கள். வெறும் டிரம்மில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் என்று கூப்பிடுவார்கள்.

பீளமேட்டுக்காரன்

கூப்பிட்டிருக்கிறார்கள்.

வாசுகி மேடம் கேட்டவற்றுக்கு எழுதிய பகுதி:

> பழுது வந்தால் என்ன செய்ய வேண்டும்
>
> கூப்பிட்ட உடன் உங்களுக்கு ஒரு புகார் எண் வாட்ஸ்அப்பில் வரும். வராவிட்டால் புகார் பதிவாகவில்லை, மறுபடி கூப்பிடுங்கள்.
>
> பின்பக்கம் உள்ள 6 ஊர்களில் 3 வேலை நாளில் எங்கள் ஆள் வீட்டுக்கு வருவார். மற்ற ஊர்களில் வாங்கிய கடையில் கொடுங்கள். கடை இல்லாவிட்டால் பார்சலில் அனுப்புங்கள். வாரண்டியில் உள்ள பழுதென்றால் போக வர பார்சல் செலவு எங்களுடையது.
>
> பொருள் எங்கள் கைக்கு வந்து 15 நாளில் சரிசெய்து தருவோம். முடியாவிட்டால் அதுவரை ஓட்ட வேறு கிரைண்டர் தருவோம்.
>
> ஒரே பழுது வாரண்டிக்குள் மூன்றாவது முறை வந்தால் புது கிரைண்டர் தருவோம்.
>
> மாற்றிய பாகத்துக்கு வாரண்டியில் மீதமுள்ள காலம் அல்லது 3 மாதம், இரண்டில் எது அதிகமோ அது.
>
> எங்கள் பதில் உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

கடைசி வரியைப் பார்த்துவிட்டு அப்பா கார்டை மேசையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மதுரை டீலர்

அப்பா செய்ததுதான் சரி. நம் வீட்டு வாசலில் நாமே போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி எழுதி வைப்பதா?

வாசுகி, சேலம்

அந்த வரியைக் கட்டாயம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போடாவிட்டாலும் அவர்களுக்கு அந்த உரிமை இருக்கத்தான் செய்யும். அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் ‘அதுவரை வேறு கிரைண்டர் தருவோம்’ என்பதைக் கவனமாக யோசியுங்கள். கையில் மாற்றுக் கிரைண்டர் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? கார்டில் எழுதியதைச் செய்யாவிட்டால் அதுவே சேவைக் குறைபாடு. முடியாததை எழுதுவதைவிட 15 நாளை 20 நாளாக்கி, அந்த வரியை எடுத்துவிடலாம்.

பீளமேட்டுக்காரன்

இரண்டுதான் இருக்கிறது. எடுத்துவிட்டேன், 20 நாள் ஆக்கினேன்.

அப்புறம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பட்டறையில் பேக்கிங் செய்யும் நான்கு பெண்களிடம் பழைய கார்டையும் புதுக் கார்டையும் கொடுத்து மூன்று கேள்வி கேட்டேன். 14ஆம் மாதத்தில் கெப்பாசிட்டர் போனால் காசு யாருடையது? மூன்றாம் வருடம் பெல்ட் அறுந்தால்? எரிந்த மோட்டாரைப் பார்த்து நாங்கள் முடியாது என்று சொன்னால் நீங்கள் எங்களிடம் எதைக் கேட்க வேண்டும்?

பழைய கார்டில் முதல் கேள்விக்கு இரண்டு பேர் ‘மோட்டார்தானே, கம்பெனி’ என்றார்கள், இரண்டு பேர் ‘தெரியவில்லை’ என்றார்கள். எங்கள் வாசகத்தின்படி இரண்டுமே தப்பு. புதுக் கார்டில் நான்கு பேரும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் பெல்ட் கேள்வியில் இரண்டு பேர் ‘5 வருடம்’ என்றார்கள். ஏன் என்று கேட்டேன். “பெல்ட் மோட்டாரோடுதானே மாட்டியிருக்கிறது அண்ணா” என்றார் ஒருவர். ‘பெல்ட் சேராது’ என்ற வரியை அவர் படிக்கவே இல்லை, ‘மோட்டார் மட்டும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சொல்லேர்

அப்படியானால் அந்த ஒரு பகுதியைச் சின்ன அட்டவணையாக்குங்கள். இடதுபக்கம் பாகத்தின் பெயர், வலதுபக்கம் வருடம். வைண்டிங் 5, கெப்பாசிட்டர் 5, டிரிப் 5, பேரிங் 5, பெல்ட் 2, கல் 2, டிரம் 2, சுவிட்ச் 2. பக்கத்தில் படம் போட முடிந்தால் இன்னும் நல்லது. எது கெப்பாசிட்டர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பெட்டியின் மேலே உள்ள ‘மோட்டாருக்கு 5 வருடம்’ என்பதற்குக் கீழேயும் அதே அட்டவணையைப் போடுங்கள். வாங்குவதற்கு முன்னால் பார்ப்பது பெட்டியைத்தான், கார்டை வீட்டுக்குப் போய்த்தான் பிரிப்பார்கள்.

பவானி மாவுக்கடை

புதிதாக வருகிறேன், மன்னிக்கவும். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறேன். இரண்டு கிரைண்டர், 2 லிட்டர் அளவுதான். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடும். போன தடவை பேரிங் போனபோது ‘வணிகப் பயன்பாடு, வாரண்டி கிடையாது’ என்றார்கள். உங்கள் கார்டில் எனக்கு வாரண்டி உண்டா?

பீளமேட்டுக்காரன்

இதைத்தான் எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன். 2 லிட்டர் கிரைண்டரை நாங்கள் தினம் ஒரு மணி நேர ஓட்டத்தை மனதில் வைத்துச் செய்கிறோம். ஐந்து மணி நேரம் ஓடினால் பேரிங் சீக்கிரம் போகும். அது உண்மை.

மதுரை டீலர்

இதற்காவது நான் சொல்வதைக் கேளுங்கள். ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி. முடிந்தது.

வாசுகி, சேலம்

பவானி அக்கா வீட்டில்தான் உபயோகிக்கிறார் அண்ணா.

சட்டப்படி பார்த்தால், தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துத் தொழில் செய்கிறவர் வாங்கிய பொருளுக்கு அவர் நுகர்வோர்தான். ஆணையத்துக்குப் போக அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வளவு ஓட்டத்துக்கும் நீங்கள் வாரண்டி தர வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வரம்பு வைக்கலாம், வாங்கும் முன் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

ரீவைண்டிங் குமார்

மணிக்கணக்கை எப்படி நிரூபிப்பீர்கள்? மீட்டரா இருக்கிறது? கல் தேய்மானத்தைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். ஆனால் உளுந்து மட்டும் அரைப்பவர் கல்லும் அரிசி அரைப்பவர் கல்லும் ஒரே மாதிரி தேயாது. மேடம் வைத்த சோதனையில் இது பாஸாகாது.

சொல்லேர்

விலக்காக வைக்காமல் இன்னொரு வரிசையாக வையுங்களேன்? ‘மாவு விற்பனைக்கு அரைப்பவர்களுக்கு: எல்லாப் பாகத்துக்கும் 6 மாதம்’. வாங்கும்போதே பில்லில் அப்படிக் குறித்துக்கொள்ளலாம்.

மதுரை டீலர்

விற்பனைக்கு என்று சொல்லி 6 மாத வாரண்டியை யார் வாங்குவார்கள்? எல்லாரும் வீட்டுக்கு என்றுதான் சொல்வார்கள்.

பவானி மாவுக்கடை

நான் சொல்வேன். 6 மாதமாவது உண்டு என்று எழுத்தில் இருந்தால் போதும். இப்போது எதுவுமே இல்லை.

பீளமேட்டுக்காரன்

அக்கா, பேரிங்கின் அளவை ஒரு சுற்று பெரிதாக்கினால் அடக்கத்தில் எவ்வளவு கூடும் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் வரும்வரை அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அச்சகத்துக்காரரிடம் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன். அட்டவணையும் படமும் போட்டுத் திருத்திய கார்டை வியாழக்கிழமை இங்கே ஏற்றுகிறேன். குமார் அண்ணா, துருவை எப்படிப் பார்த்துச் சொல்வது என்று நீங்கள் எழுதியதை எங்கள் சர்வீஸ் பையன்களுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நியூட்ரல் கேஸில் வீட்டில் வேறு என்னென்ன போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்துத் தடவை டிரிப் ஆன மோட்டார் வந்தால் என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

ரீவைண்டிங் குமார்

வந்தால் எனக்கு அனுப்புங்கள், வெட்டிப் பார்க்கிறேன்.